கட்டிலில் சரிந்த நோயாளியை மேலே நகர்த்துவது

கடலூரில் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுத்தபோது இருவரைச் செய்துகாட்டச் சொன்னேன். இருவருமே நோயாளியாகப் படுத்திருந்தவளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதில் நோயாளியின் தோள் பிசகும், தூக்குபவரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

தூக்க வேண்டாம், விரிப்போடு நகர்த்துங்கள். முதலில் கட்டில் சக்கரத்தைப் பூட்டி, தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். மூச்சுத்திணறல் உள்ளவரை தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள். அவருக்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சிறுநீர்க் குழாய் எங்கும் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோயாளிக்கு அடியில் தோள் முதல் தொடை வரை குறுக்காகப் போட்ட விரிப்பு இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நின்று, அதன் ஓரத்தை நோயாளியின் உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடியுங்கள். சுருட்டாமல் நுனியைப் பிடித்தால் கை நீளும், பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கால். ஒரு கால் முன்னே, பாதம் தலைமாட்டைப் பார்த்து. முழங்காலை லேசாக மடக்குங்கள். நோயாளி முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் பின்காலிலிருந்து முன்காலுக்கு உங்கள் உடம்பைச் சாய்த்து விரிப்பை இழுங்கள். இடுப்பு திரும்பினால் கால் தப்பாக நிற்கிறது என்று அர்த்தம். ஒரே இழுப்பில் வராவிட்டால் இரண்டு தடவையாக நகர்த்துங்கள்.