ஸ்குவாஷ்: 'லெட்' கேட்டால் புள்ளி யாருக்கு?

ஸ்குவாஷில் ஒரு கேம் 11 புள்ளி. சர்வீஸ் யார் போட்டாலும் ராலியை ஜெயித்தவருக்கே புள்ளி. 10-10 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். கணக்கு அவ்வளவுதான். தகராறு எல்லாம், எதிராளி குறுக்கே நின்றதால் ராலியைத் திரும்ப ஆடக் கேட்கும் 'லெட்'டில்தான்.

9-8 என்று நீங்கள் முன்னிலையில் இருக்கிறீர்கள். சுவரை ஒட்டிப் போக வேண்டிய பந்து நழுவி நடு கோர்ட்டுக்கு வருகிறது. பின்னால் இருப்பவர் ராக்கெட்டை ஓங்கிவிட்டு, உங்கள் மேல் படுமே என்று நிறுத்தி 'லெட்' கேட்கிறார். பந்துக்கும் முன்சுவருக்கும் நடுவே நீங்கள் நின்றால் அது வெறும் லெட் அல்ல, 'ஸ்ட்ரோக்'. புள்ளி அவருக்கு, 9-9. பந்தை எடுக்க ஓடும் வழியில் மட்டும் இடித்து, அவர் எட்டி அடித்திருக்கக்கூடும் என்றால் லெட்; ராலியைத் திரும்ப ஆடலாம். எப்படியும் எட்டியிருக்க மாட்டார் என்றால் 'நோ லெட்', புள்ளி உங்களுக்கு.

அதனால் அடித்ததும் நடுவிலுள்ள 'டி' கோட்டுச் சந்திப்புக்கு நேராகப் பின்வாங்காதீர்கள், அது பெரும்பாலும் எதிராளி வரும் வழி. கொஞ்சம் வளைந்து போங்கள். டி-யிலிருந்து நான்கு மூலைக்கும் சில எட்டுதான். ஆனால் பந்தைச் சுவரோடு ஒட்டி ஆழமாக அடித்தால்தான் அங்கே நிற்க உரிமை; நடுவில் விழுந்தால் டி-யே உங்களுக்குப் பொறி.