பியர் படத்தைப் பார்த்துப் பழசு என்று சொல்வதற்கு முன்

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு கிளாஸ் பியரின் படம் அனுப்பி, "இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஹேஸி ஐபிஏ வகை. கலங்கலாக, வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய பியர், படத்தில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பழசாகிவிட்டது என்று உடனே பதில் அனுப்பினேன். அது தவறு.

இந்தச் சந்தேகம் வருவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஹேஸி ஐபிஏவில் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை ஏராளமாகச் சேர்ப்பார்கள். கேனுக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் புகுந்தாலும் அதன் நிறம் ஆரஞ்சாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் சாம்பல் படிந்ததுபோல் ஆகிவிடும். பழசானதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடிகிற வகைகளில் இது முக்கியமானது. அதனால்தான் ஆரஞ்சைக் கண்டதும் கை பரபரக்கிறது.

நான் பார்க்கத் தவறியது நுரையை. இந்த வகை பியரின் நுரை வெள்ளையாக இருக்கும். அந்தப் படத்தில் நுரையும் மஞ்சள், பக்கத்தில் இருந்த டிஷ்யூ பேப்பரும் மஞ்சள். அப்படியென்றால் மஞ்சள் பல்பு வெளிச்சம்தான் எல்லாவற்றுக்கும் நிறம் ஏற்றியிருக்கிறது. மறுநாள் அதே பெட்டியிலிருந்து இன்னொரு கேனைத் திறந்து, ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி, அதன் முன்னால் கிளாஸை வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். நுரை வெள்ளை, பியர் நல்ல வைக்கோல் மஞ்சள். நுரை வெள்ளையாக இருந்தும் பியர் மட்டும் பழுப்பாகத் தெரிந்திருந்தால் என் முதல் பதில் சரியாக இருந்திருக்கும். கறுப்பு பியரான ஸ்டவுட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. அதன் நுரைக்கே பழுப்புச் சாயல் உண்டு.

வெளிச்சத்துக்கு அடுத்தபடி ஏமாற்றுவது கிளாஸின் அகலம். பியர் நிறத்தை ஆய்வகத்தில் அளக்கும்போது, ஒரே அளவு தடிமனுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றித்தான் அளப்பார்கள். ஒளி கடந்து வரும் தூரம் கூடினால் நிறமும் அடர்ந்து தெரியும் என்பதே காரணம். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கோல்ஷ் பியரை 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான கிளாஸில் தருவார்கள். அதையே பெரிய மக்கில் ஊற்றினால் வேறு பியர் போலத் தெரியும். கீழே குறுகும் கிளாஸாக இருந்தால் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே பியர் இரண்டு நிறம் காட்டும். வெளிர் பொன்னிறத்தை மட்டும் வைத்து கோல்ஷா, பில்ஸ்னரா, ஹெல்லஸா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நிறம் அடர்த்தி என்றால் போதையும் அதிகம் என்று நினைப்பதும் சரியல்ல. கறுப்பாக இருக்கும் கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான்.

சரி, கலங்கல். படத்தில் முதலில் பார்க்க வேண்டியது கலங்கல் பியருக்குள் இருக்கிறதா, கிளாஸின் வெளியே இருக்கிறதா என்பது. குளிர்ந்த கிளாஸில் வியர்த்த நீர்த்துளிகள், பளிங்குபோல் இருக்கும் லாகரையும் கலங்கலாகக் காட்டும். துடைத்துவிட்டு எடுத்த படம்தான் கணக்கு. துடைத்த பிறகும் லேசான மங்கல் இருந்தால் அது குளிரால் வந்ததாக இருக்கலாம். மால்ட்டின் புரதமும் பாலிஃபீனால்களும் குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் பிரிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் தெளிந்திருந்தால் கவலை இல்லை.

கோதுமை பியரான வைஸ்பியரில் மக்கள் நேர்மாறாக ஏமாறுவார்கள். கலங்கலாக இருக்க வேண்டியது தெளிவாக இருக்கிறதே, பழசோ என்பார்கள். ஊற்றியவர் பாட்டிலின் அடியில் தங்கிய ஈஸ்ட்டைச் சுழற்றி ஊற்றாமல் விட்டிருப்பார், அல்லது அது வடிகட்டப்பட்ட கிரிஸ்டல் வகையாக இருக்கும்.

நுரையைப் பொறுத்தவரை, படம் எப்போது எடுத்தது என்று தெரியாமல் பேசவே கூடாது. ஊற்றி ஐந்து நிமிடம் ஆன கிளாஸில் நுரை இல்லையே என்பது குறையல்ல. கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றினாலும் நுரை எழாது. பியருக்குள் கிளாஸ் சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. நுரை சீக்கிரம் அடங்குவதற்கும் பெரும்பாலும் கிளாஸில் தங்கிய எண்ணெய்ப் பசைதான் காரணம், பழி மட்டும் பியர் மேல் விழுகிறது.

அப்புறம், லாகர் பழசானால் படத்தில் அநேகமாக எதுவும் தெரியாது. ஈர அட்டை வாசம் வரும், நிறம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. வெயில் பட்டுக் கெட்ட பியரின் நாற்றமும் அப்படித்தான். அந்த மாதிரிப் படம் வந்தால் நான் இப்போது நிறத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.