வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தணிக்கை செய்வது எப்படி: நிற்கும் செக்குகளும் காலாவதி செக்குகளும்

பட்டியலின் கடைசி வரியில் புத்தக இருப்பும் வங்கி இருப்பும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது என்று புதியவர்கள் டிக் அடித்துவிடுகிறார்கள். தணிக்கை அங்கேதான் தொடங்குகிறது. டாலியில் `Bank Date` என்ற கட்டத்தில் செக் வங்கியில் பாஸான தேதியைத் தட்டுவது கணக்கரே. ஒத்துப்போக வைப்பது அவருக்குக் கடினமே இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-ல் புத்தக இருப்பு ₹4,13,600. வங்கி ஸ்டேட்மென்ட் இருப்பு ₹5,38,100. வித்தியாசத்துக்குப் பட்டியல் சொல்லும் காரணம்: கொடுத்தும் வங்கிக்கு வராமல் நிற்கும் செக்குகள் ₹1,65,000, போட்டும் வரவாகாத செக் ₹40,000, புத்தகத்தில் எழுதாத வங்கிக் கட்டணம் ₹500.

முதலில் ஏப்ரல், மே ஸ்டேட்மென்ட்டை வாங்குங்கள். ஆலையின் கணக்கர் தரும் அச்சுப் பிரதி போதாது. வங்கியிலிருந்து நேராக உங்களுக்கு வரட்டும். பிறகு பட்டியலில் உள்ள ஒவ்வொரு செக் எண்ணையும் அதில் தேடுங்கள்.

நெல் வியாபாரிக்கு எழுதிய மார்ச் 28 தேதியிட்ட ₹85,000 செக் ஏப்ரல் 3-ல் பாஸாகியிருக்கிறது. சரி.

சாக்கு வியாபாரிக்கு எழுதிய மார்ச் 30 தேதியிட்ட ₹62,000 செக் மே 6-ல்தான் பாஸாகியிருக்கிறது. உள்ளூர்க்காரர் ஐந்து வாரம் பணத்தை விட்டுவைப்பாரா? செக்கை எழுதி மேசை டிராயரிலேயே வைத்திருந்தால் இப்படித்தான் தெரியும். கடன் குறைந்ததாக ஆண்டுக் கணக்கில் காட்ட இது பழைய வழி. வியாபாரியின் ரசீதையும் அவருடைய லெட்ஜரையும் கேளுங்கள். ஏப்ரலில்தான் கொடுத்தார்கள் என்று உறுதியானால், மார்ச் 31-க்கு அந்தத் தொகையை வங்கி இருப்பிலும் கொடுக்க வேண்டிய கடனிலும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

லாரி வாடகைக்கு டிசம்பர் 12-ல் எழுதிய ₹18,000 செக் இன்னும் நிற்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான், அதற்கு முன் ஆறு மாதம். ஆகவே இது மார்ச் மாதத்திலேயே காலாவதி. இதை நிற்கும் செக் என்று பட்டியலில் விடக்கூடாது. வங்கியைப் பற்று, லாரிக்காரர் கணக்கை வரவு வைத்து எழுதுங்கள். ‘இதர வருமானம்’ என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். செக்தான் செத்தது, கடன் உயிரோடு இருக்கிறது.

அடுத்து, அரிசி வாங்கிய கடை கொடுத்த ₹40,000 செக். போட்ட செக் ஓரிரு வேலை நாளில் வரவாக வேண்டும். இங்கே ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் வரவாகி, உடனே திரும்பியும் போயிருக்கிறது. பணம் வரவே இல்லை. கடையின் பாக்கி மறுபடி ஏற வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். புத்தகத்தில் ₹4,13,600 − 500 + 62,000 + 18,000 − 40,000 = ₹4,53,100. ஸ்டேட்மென்ட் பக்கம் ₹5,38,100 − 85,000, அதுவும் ₹4,53,100. நிற்கும் செக் உண்மையில் ஒன்றுதான்.

லாரிக்காரருக்குப் புதுச் செக் எழுதும்போது பழையதைத் திரும்ப வாங்கி ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். தொலைந்தது என்றால் வங்கிக்குக் கொடுத்த ‘ஸ்டாப் பேமென்ட்’ கடிதத்தின் நகல் வேண்டும்.