அசோலா குழி: சிவந்தால் கவனியுங்கள்

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி, மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். அதை வளர்க்க மர நிழலில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் குழி போதும். செங்கலை நிறுத்தி வைத்துக் கட்டினாலும் சரி. சில்பாலின் என்கிற கெட்டி பிளாஸ்டிக் சீட்டை விரித்து, சலித்த செம்மண் பத்து கிலோவைப் பரப்புங்கள். இரண்டு கிலோ சாணியையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் கரைத்து ஊற்றி, நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒரு கிலோ விதை அசோலாவைத் தூவுங்கள். இரண்டு வாரத்தில் குழி பச்சைக் கம்பளமாக மூடிவிடும்.

அப்புறம் தினமும் அரை கிலோ எடுத்தே ஆக வேண்டும். பாவம் பார்த்து விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது அழுகும். எங்கள் குழி ஒரு சித்திரையில் செங்கல் நிறமானது. வெயில் அதிகம், பாஸ்பேட்டும் போடாமல் விட்டிருந்தோம். தென்னங்கீற்று வேய்ந்து, 20 கிராம் பாஸ்பேட்டை ஒரு கிலோ சாணியில் கரைத்து விட்டதும் புதுத் துளிர் பச்சையாக வந்தது. இதை ஐந்து நாளுக்கு ஒருமுறை விடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

சாணி வாடை இருந்தால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். சல்லடையில் அள்ளி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, தவிட்டில் பிசைந்து கொடுங்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும். கோழிக்கு அப்படியே தூவலாம். ஆனால் அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் புண்ணாக்கை முழுதாக நிறுத்திவிடாதீர்கள்.