ஃப்ளஷ் தொட்டியைக் கோப்பையோடு இணைக்கையில் பீங்கான் விரிசல் விடுவது ஏன்?

வெஸ்டர்ன் கழிப்பறையில், கோப்பையின் பின்பக்க மேடையின் மேலேயே தொட்டி உட்காரும் வகை ஒன்று உண்டு. சுவரில் தனியாக மாட்டும் தொட்டிக்கு இருப்பதுபோல் இதற்கு இடையில் குழாய் கிடையாது. தொட்டியின் அடித்துளையும் கோப்பையின் நீர்வாயும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. நடுவில் ஒரு தடித்த ரப்பர் வளையம், அதன் இருபுறமும் இரண்டு போல்ட், அடியில் நட். வேலை எளிதுதான். ஆனாலும் புதுத் தொட்டியும் கோப்பையும் உடைந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் கடைசித் திருகில்.

தண்ணீர் கசிந்தால் நட்டை இன்னும் முறுக்குவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இரும்புக் குழாயில் அது பலன் தரலாம். இங்கே தண்ணீரைத் தடுப்பது முறுக்கு அல்ல, ரப்பர். ரப்பர் சரியான இடத்தில், சமமாக அமுங்கி இருந்தால் கைமுறுக்கே போதும். அது கோணலாக இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். கடைசியில் பீங்கான்தான் விட்டுக்கொடுக்கும்.

உடைப்பது எந்த விசை

பீங்கானை நேராக அமுக்கினால் நிறையத் தாங்கும், வளைத்தால் தாங்காது. தொட்டியின் அடித்தட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரு பக்கத்துப் போல்ட்களும் அதைக் கீழே இழுக்கின்றன. நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் மேலே தள்ளுகிறது. குச்சியின் இரு முனையையும் பிடித்து, நடுவில் முழங்காலை முட்டுக்கொடுத்து ஒடிப்பது போன்றதுதான் இது. போல்ட் துளையைச் சுற்றியுள்ள பீங்கான் ஏற்கெனவே துளையால் பலம் குறைந்த இடம். அதனால் விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முறுக்கும்போதே ‘டக்’ என்ற சத்தத்தோடு உடைந்தால் அதை நல்ல காலம் என்றே சொல்வேன். பல நேரங்களில் அப்படி நடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்து, போல்ட்டின் இழுவையும் தண்ணீரின் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல நீட்டுகின்றன. வேலை முடிந்து பல வாரங்கள் கழித்து, யாரும் தொடாதபோது தொட்டி பிளக்கிறது. வீட்டுக்காரர் மட்டமான பொருள் என்று நினைத்துக்கொள்கிறார். காரணம் பொருத்திய அன்றே உள்ளே போய்விட்டது.

ரப்பர் வளையம் உட்காரும் இடம்

தொட்டியின் அடியில், ஃப்ளஷ் வால்வின் மரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் நட் இருக்கும். வால்வைத் தொட்டியோடு பிடித்து வைப்பது அதுதான். அந்த நட்டைக் கையால் இறுக்கிய பிறகு அரைச்சுற்றுக்கு மேல் போகக் கூடாது. தடித்த வளையம் அந்த நட்டுக்கு வெளியே, அதை முழுதாக மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நட்டைக் கழற்றி, வளையத்தை நட்டுக்கும் தொட்டிக்கும் இடையே செருகிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நட் கீழே நீண்டு கோப்பையின் வாயில் முட்டும். தொட்டி தூக்கலாக நிற்கும். அதைக் கீழே கொண்டுவரப் போல்ட்டை முறுக்கினால் உடைப்பு நிச்சயம்.

வளையத்தின் ஒரு முகம் சரிவாக இருந்தால் அந்தச் சரிவு கோப்பையை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். உள்துளையும் நட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். தொட்டி வாங்கிய கம்பெனியின் வளையத்தையே வாங்குங்கள். கடையில் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை தடிமனில் வேறுபடும். தடிமன் சற்று அதிகமானாலே முன்பு சொன்ன முட்டுக்கொடுப்பு கூடிவிடுகிறது.

பழைய வளையத்தை மறுபடி போடுவது பெரிய தவறு. அமுங்கியபடி இறுகிப்போன ரப்பர் திரும்ப விரியாது. விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து உடனே மேலே வந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. கட்டைபோல் இருந்தால், அல்லது விரலில் கறுப்பு மை ஒட்டினால், குப்பையில் போட வேண்டியதுதான்.

கசிவுக்குப் பயந்து வளையத்தைச் சுற்றி வெள்ளை சிமெண்டோ எம்சீலோ பூசுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அந்தப் பூச்சு கல்லாக இறுகிவிடும். நாளைக்கு வால்வு பழுதானால் தொட்டியைக் கழற்றவே முடியாது. நெம்பினால் கோப்பையும் சேர்ந்து போகும். சுத்தமான, உலர்ந்த பீங்கானில் நல்ல ரப்பர் மட்டும் போதும்.

போல்ட், வாஷர், வரிசை

தொட்டிக்குள்ளே போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். உலோகம் எங்கேயும் பீங்கானை நேராகத் தொடக் கூடாது. கோப்பையின் மேடைக்கு அடியிலும் முதலில் ரப்பர் வாஷர், பிறகு உலோக வாஷர், கடைசியில் நட் என்பதே வரிசை. இதை மாற்றி உலோக வாஷரை முதலில் போட்டால், அழுத்தம் முழுவதும் பீங்கானின் ஒரு சிறு மேட்டில் போய் நிற்கும். சூளையில் வெந்த மேடையின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் சமமாக இருப்பதில்லை. கையால் தடவினாலே மேடுபள்ளம் தெரியும். அந்த மேடுபள்ளத்தை விழுங்குவதற்குத்தான் ரப்பர்.

உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் சாதாரண இரும்புப் போல்ட் வேண்டாம். துருப்பிடித்துத் தலை வீங்கி வாஷரைக் கிழித்துவிடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டே போடுங்கள். ஏற்கெனவே துருப்பிடித்து இறுகிய நட்டை ஸ்பேனரால் நெம்பவும் வேண்டாம். தொட்டிக்கும் கோப்பைக்கும் இடையே ரம்ப பிளேடை நுழைத்துப் போல்ட்டை அறுத்துவிடுவதே பாதுகாப்பு. பிளேடு உரசாதபடி இருபுறமும் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

முறுக்கும் விதம்

தொட்டியை ஏற்றுமுன் கோப்பை தரையில் ஆடாமல் நிற்கிறதா, மேடையின் மேல் ரசமட்டம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோப்பை சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைப் போல்ட்டை முறுக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது.

தொட்டியை இருவராகப் பிடித்து நேராக இறக்குங்கள். போல்ட்கள் துளையில் இறங்கியதும் இரண்டு நட்டையும் விரலால் ஓட விடுங்கள். அதன்பின் வலதில் அரைச்சுற்று, இடதில் அரைச்சுற்று என மாறி மாறிப் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போவதைப் போல் பீங்கானுக்குக் கெடுதல் வேறில்லை. தொட்டி ஒருபுறம் சாய்ந்து, மறுபுறத்தை நேராக்கும்போது அடித்தட்டு முறுக்கிக்கொள்ளும். விங் நட் என்றால் கைவிரல்கள் மட்டும் போதும், இடுக்கி வேண்டாம். ஆறுகோண நட்டுக்குச் சிறிய ஸ்பேனர் போதும்.

எங்கே நிறுத்துவது? தொட்டிக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியில் பழைய விசிட்டிங் கார்டுகளை அடுக்கிச் செருகிப் பாருங்கள். வலப்பக்கம் நுழையும் அளவு இடப்பக்கமும் நுழைந்தால் வளையம் சமமாக அமுங்கியிருக்கிறது. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல முன்னும் பின்னும் தள்ளினால் தொட்டி தளதளவென்று ஆடக் கூடாது. இந்த இரண்டும் கிடைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சில மாடல்களில் தொட்டியின் அடியில் உள்ள பீங்கான் குமிழ்கள் மேடையைத் தொடும். தொட்டதும் நிறுத்த வேண்டும். வேறு சிலவற்றில் இடைவெளி இருந்தே தீரும். ‘சந்து தெரிகிறதே’ என்று அதை மூட நினைப்பதுதான் பல தொட்டிகளை உடைத்திருக்கிறது. உங்கள் மாடல் எந்த வகை என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் படம் போட்டிருப்பார்கள்.

தொட்டியின் முதுகில் சுவர்த் திருகுக்குத் துளை இருந்தால், அதைக் கடைசியாக, வாஷரோடு, தொட்டி நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே சந்து இருந்தால் அதை ரப்பர்த் துண்டால் நிரப்புங்கள். திருகை முறுக்கித் தொட்டியைச் சுவரோடு இழுக்கக் கூடாது.

கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது

கசிவு எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் தண்ணீர் சிந்தினால் குற்றவாளி நடுவில் உள்ள தடித்த வளையம். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் சொட்டினால் போல்ட் வாஷரையோ, தண்ணீர் ஏறும் வால்வின் அடி நட்டையோ பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு போல்ட் முனையிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவையுங்கள். முதலில் நனைவது எதுவோ அதுதான் இடம்.

அறிமுகமான ஒரு வீட்டில் ஃப்ளஷ் செய்தால் மட்டும் தரையில் ஒரு கை தண்ணீர் சேர்ந்தது. வலப்பக்க நட்டை இடுக்கியால் முறுக்கியிருக்கிறார்கள். கசிவு குறைந்தது, எனவே இன்னும் கொஞ்சம் முறுக்கினார்கள். சில வாரங்களில் வலது போல்ட் துளையிலிருந்து மேல்நோக்கி முடி இழைபோல் ஒரு கோடு தெரிந்தது. தொட்டியை இறக்கிப் பார்த்தபோது ரப்பர் வளையமே கதையைச் சொன்னது. அதன் வலப்பாதியில் கோப்பை வாயின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. இடப்பாதியில் தடமே இல்லை. வளையம் நட்டின் மேல் முழுதாக இறங்காமல் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் முறுக்க முறுக்க, இடப்பக்கம் மேலும் தூக்கிக்கொண்டது. மாற்றுத் தொட்டிக்குப் புது வளையம் போட்டுக் கைமுறுக்கில் நிறுத்தியதும் கசிவு இல்லை. முதலிலேயே தொட்டியைத் தூக்கி வளையத்தை நேராக்கியிருந்தால் பழைய தொட்டி பிழைத்திருக்கும்.

புது ரப்பர் முதல் நாளில் சற்று இறங்கும். அதனால் மறுநாள் தொட்டி லேசாக ஆடினால் இரு பக்கமும் கால்சுற்று கொடுக்கலாம். அதற்குப் பிறகும் ஆடினாலோ கசிந்தாலோ கழற்றிப் பார்க்க வேண்டுமே தவிர மேலும் முறுக்கக் கூடாது.

சந்தேகத்துக்குரிய கோடு விரிசலா, மேல்பூச்சில் விழுந்த கீறலா என்று அறிய, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒரு சொட்டு மையைத் தடவி ஈரத்துணியால் துடையுங்கள். கோட்டுக்குள் மை தங்கினால் அதை விரிசல் என்றே கொள்ளுங்கள். அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்தத் தொட்டியை ஒட்டவைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். பசை கசிவை மறைக்கும். போல்ட்டின் இழுவையைத் தாங்காது. மேலும், தொட்டி பிளந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் கொட்டி நிற்காது. மிதவை கீழே விழுந்து கிடப்பதால் வால்வு திறந்தபடியே இருக்கும். மாடித் தொட்டி காலியாகும்வரை வீட்டுக்குள் தண்ணீர் ஓடும். புதுத் தொட்டி வரும்வரை ஆங்கிள் வால்வை மூடிவிட்டு வாளியில் ஊற்றிச் சமாளியுங்கள்.