ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு பிரசவத் தேதிகள்: எதை எடுத்துக்கொள்வது, அளவுகளை எப்படிப் படிப்பது

கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலரும் குழம்புவது ஒரே இடத்தில்தான். போன தடவை ஒரு பிரசவத் தேதி இருந்தது, இந்தத் தடவை வேறு தேதி இருக்கிறது. குழந்தை வளரவில்லையா, கணக்கு தப்பா? ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வைத்து இதைப் பார்ப்போம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பின்னால் வரும் எந்த ரிப்போர்ட்டையும் சரியாகப் படிக்க முடியாது.

படி 1: வாரக் கணக்கு எங்கே தொடங்குகிறது

எல்எம்பி என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாள். ரிப்போர்ட்டில் GA என்று வரும் வாரக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடுகிறது, கரு உருவான நாளிலிருந்து அல்ல. அதனால் ரிப்போர்ட்டில் 8 வாரம் என்றிருந்தால் கருவின் உண்மையான வயது ஏறக்குறைய 6 வாரம்தான். எல்எம்பியோடு 280 நாள் கூட்டினால் வருவது ஈடிடி, அதாவது எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி.

32w6d என்று அச்சாகியிருந்தால் 32 வாரம் 6 நாள் என்று படிக்க வேண்டும். இதை 32.6 வாரம் என்று நினைத்துக்கொண்டு கழித்துப் பார்த்து, நாள் இடிக்கிறதே என்று பயப்படுபவர்கள் உண்டு. 6 நாளுக்குப் பிறகு வருவது 33w0d.

படி 2: முதல் ஸ்கேனில் தேதியை உறுதிசெய்யுங்கள்

```
LMP: 10-01-2025     Scan: 04-04-2025
GA by LMP: 12w0d    EDD: 17-10-2025
CRL: 40 mm = 10w6d  EDD: 25-10-2025
```

சிஆர்எல் என்பது குழந்தையின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளம். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால், வயதைச் சொல்ல இதைவிட நம்பகமான அளவு பிற்பாடு கிடைக்காது. 84 மி.மீ. தாண்டினால் இதை விட்டுவிட்டுத் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளுக்குப் போய்விடுவார்கள்.

இங்கே எல்எம்பி கணக்கு 12 வாரம் என்கிறது, ஸ்கேன் 10 வாரம் 6 நாள் என்கிறது. வித்தியாசம் 8 நாள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏகாக் வகுத்த விதிப்படி, 9 முதல் 13 வாரம் 6 நாள் வரை வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் ஸ்கேன் தேதிக்கு மாற வேண்டும். 7 நாளோ அதற்குள்ளோ இருந்தால் எல்எம்பி தேதியே இருக்கட்டும். (சிஆர்எல் கிடைத்தால் எப்போதும் அதையே எடுக்கும் நாடுகளும் உண்டு. உங்கள் மருத்துவர் எந்த முறை வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாம்.) ஆகவே இந்தப் பெண்ணுக்கு இனி ஈடிடி 25-10-2025.

இந்த 8 நாள் எப்படி வந்தது? பெரும்பாலும் கருமுட்டை தாமதமாக வெளியானதுதான் காரணம். 280 நாள் கணக்கு 28 நாள் சுழற்சியை வைத்துப் போட்டது. 35, 36 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்களுக்கு அது முன்னால் ஓடிவிடும். ஐவிஎஃப் கர்ப்பத்தில் கரு வைத்த தேதியே தெரியும் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

படி 3: பின்னால் வரும் ரிப்போர்ட்டில் இன்றைய வயதை நீங்களே போடுங்கள்

```
Scan: 05-09-2025    GA by LMP: 34w0d
BPD 80 mm   32w1d
HC  290 mm  32w0d
AC  281 mm  32w1d
FL  60 mm   31w2d
AUA: 31w6d  EDD by AUA: 01-11-2025
EFW: 1849 g
```

பிபிடி தலையின் குறுக்களவு, ஹெச்சி தலையின் சுற்றளவு, ஏசி வயிற்றின் சுற்றளவு, எஃப்எல் தொடை எலும்பின் நீளம். ஒவ்வொரு அளவும் சராசரியாக எந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்குமோ, அந்த வாரத்தை மெஷின் பக்கத்தில் எழுதுகிறது. அவற்றின் சராசரிதான் ஏயூஏ.

இப்போது இந்த ரிப்போர்ட்டில் 34w0d, 31w6d என்று இரண்டு வயது இருக்கிறது. இரண்டுமே இந்தக் குழந்தையின் வயது இல்லை! 34w0d என்பது நாம் ஏற்கெனவே கைவிட்ட எல்எம்பி கணக்கு. ஸ்கேன் அறையில் தேதி கேட்டபோது பழைய எல்எம்பியைச் சொன்னதால் மெஷின் அதையே போட்டுவிட்டது. 31w6d என்பது உடல் அளவு மட்டுமே. சரியான வயதைப் பிடிக்க, முதல் ஸ்கேனிலிருந்து நாள் எண்ணுங்கள். ஏப்ரல் 4 முதல் செப்டம்பர் 5 வரை 154 நாள், அதாவது 22 வாரம். 10w6d உடன் 22 வாரம் கூட்டினால் 32w6d. இதுதான் வயது.

நவம்பர் 1 என்ற தேதியைக் கண்டுகொள்ள வேண்டாம். 28 வாரத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் வயதுக் கணிப்பு மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகும், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் குழந்தைகள் தங்கள் உடல்வாகுப்படி பிரிந்து வளர ஆரம்பித்துவிடுகின்றன. முதலிலேயே உறுதியான தேதியை இந்த ஸ்கேன் மாற்றாது. ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனால், உண்மையிலேயே வளர்ச்சி குறைந்த குழந்தைகூட 'வயது குறைவு' என்ற பெயரில் கண்ணில் படாமல் தப்பிவிடும். இதில் ஆபத்து இதுதான்.

படி 4: எடையைச் சரியான வாரத்தோடு ஒப்பிடுங்கள்

ஈஎஃப்டபிள்யூ என்பது அந்த நான்கு அளவுகளிலிருந்து சூத்திரம் போட்டு எடுத்த உத்தேச எடை. யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. 15 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். 1849 கிராம் என்றால் 1570 முதல் 2130 வரை எதுவாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் வரும் பர்சன்டைல் எண், அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால் இவர் எத்தனையாவது என்பதைச் சொல்கிறது. பொதுவாகப் பத்துக்குக் கீழே போனால் கவனிப்பார்கள். எந்த வாரத்தில் எவ்வளவு எடை இருக்கும் என்று காட்டும் ஹேட்லாக் அட்டவணைப்படி 34 வாரத்தில் பத்தாவது பர்சன்டைல் எடை ஏறக்குறைய 1970 கிராம். அப்படிப் பார்த்தால் நம் குழந்தை அதற்குக் கீழே. 32w6d-இல் அதே கோடு 1800 கிராமை ஒட்டி இருக்கிறது. இப்போது குழந்தை கோட்டுக்குச் சற்று மேலே. எடை மாறவில்லை, தேதி தப்பானதால் 'வளர்ச்சிக் குறைவு' என்று ஒரு வரி விழுகிறது. சற்று மேலே என்பதும் சும்மா விடக்கூடிய இடம் இல்லை. மருத்துவர் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து, வயிற்றுச் சுற்றளவு கூடுகிறதா என்று பார்ப்பார். அதற்கு முன் மறு ஸ்கேன் எடுத்தால் அளக்கும் பிழையே வளர்ச்சியை மறைத்துவிடும்.

ஒரே ஒரு அளவு மட்டும் பின்தங்கியிருந்தால் முதலில் குழந்தை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிரீச் என்றிருந்தால் குழந்தையின் பிட்டம் கீழே இருக்கிறது என்று பொருள். அப்போது தலை சற்று நீண்டு ஒடுங்குவதால் பிபிடி குறைவாக வரும். ஹெச்சி சரியாக இருக்கும். செஃபாலிக் என்றால் தலை கீழே.

மற்ற வரிகள்

எஃப்ஹெச்ஆர் குழந்தையின் இதயத் துடிப்பு; நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. ஏஎஃப்ஐ பனிக்குட நீரின் அளவு, நான்கு மூலைகளில் அளந்து கூட்டியது, 5 செ.மீ.க்குக் கீழே போனாலோ 24 செ.மீ.க்கு மேல் ஏறினாலோ மருத்துவரிடம் அன்றே பேசுங்கள். ஆன்டீரியர், போஸ்டீரியர் என்பவை நஞ்சு கருப்பையின் முன்சுவரிலா பின்சுவரிலா ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்பவை, இரண்டிலும் கோளாறு இல்லை. லோ லையிங் என்றிருந்தால் நஞ்சின் ஓரம் கருப்பை வாய்க்கு 2 செ.மீ.க்குள் இருக்கிறது, 20 வாரத்தில் இப்படி இருப்பவற்றில் பெரும்பாலானவை கருப்பை விரிய விரிய மேலே போய்விடும். அதுவரை இரத்தக் கசிவு தெரிந்தால் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ஸ்கேனின் தேதியையும் அதில் உறுதியான ஈடிடியையும் ஒரு தாளில் எழுதி, கருவியை வயிற்றில் வைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.