தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கைக்குக் கொடுப்பது எப்படி?

பார்வையற்றவர்கள் தொட்டு அறிவதற்காக நான் முதலில் செய்த மாதிரியில் தஞ்சை விமானத்தின் சிற்பங்களையெல்லாம் விடாமல் நுணுக்கமாகச் சேர்த்திருந்தேன். தொட்டுப் பார்த்த பார்வையற்ற நண்பர் “என்னப்பா, சொரசொரன்னு ஏதோ இருக்கு” என்று கையை எடுத்துவிட்டார். கண்ணுக்கு அழகாக இருப்பது விரலுக்கு வெறும் இரைச்சல்.

முதலில் அளவு. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி என்பது வழக்கம், அதாவது 66 மீட்டர் போல. 200-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 33 செ.மீ. வரும், சுமார் 30 மீட்டர் அகலமுள்ள அடிப்பக்கம் 15 செ.மீ. ஆகும், இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த அளவில் 40 செ.மீ. சிற்பம் 2 மி.மீ.தான், விரல்நுனிக்கு அதைவிடச் சின்ன விவரம் தனித்தனியாகத் தெரிவது கடினம். அதனால் நேராக நிற்கும் அடித்தளச் சுவர், அதன்மேல் குறுகிக்கொண்டே போகும் 13 நிலைகள், உச்சியில் எண்பட்டைச் சிகரம், இவ்வளவு போதும். ஒரே ஒரு மாடக்கூட்டைப் பெரிதாக்கித் தனித் துண்டாகப் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம் 3டி பிரிண்டரில் அச்சடித்தால் ஒரு சிக்கல். அடுக்கடுக்காக ஊற்றுவதால் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் விழும், தொடுபவர் அதைக் கல்வரிசை என்று நினைத்துக்கொள்வார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஆகவேண்டும். கலசம் முதல் வாரத்திலேயே ஒடியும், அதற்கு ஒரு பித்தளைக் கம்பி பொருத்துங்கள்.

விமானத்தின் உள்ளே வெற்றிடம் என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, பார்வையுள்ளவர்களுக்கும்தான். மாதிரியைச் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து காந்தம் வைத்து ஒட்டுங்கள், பாதியைக் கழற்றினால் கை உள்ளே போகும்.

அடிப்பக்கம் ஓரிடத்தில் ஒரு நெல்லை நிமிர்த்தி ஒட்டுங்கள். இந்த அளவில் ஆள் உயரம் 8 மி.மீ. சொச்சம், கிட்டத்தட்ட ஒரு நெல்லின் நீளம். கட்டடம் எவ்வளவு பெரிது என்பதை இந்த நெல் சொல்லிவிடும்.

இனி குரல் விளக்கம். கோயில் கிழக்கு நோக்கியது, மாதிரியின் வாசலும் கிழக்கே இருக்கட்டும், தொடுபவர் அதன் எதிரே நிற்கட்டும். “இங்கே பாருங்கள்”, “அந்தப் பக்கம்” எதுவும் வேண்டாம், கை எங்கே போகவேண்டும் என்றே பேசுங்கள்:

“இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் இரு பக்கமும் வையுங்கள். மெதுவாக மேலே கொண்டுபோங்கள். முதலில் சுவர் நேராக நிற்கும். (ஐந்து விநாடி அமைதி.) இப்போது கைகள் ஒன்றையொன்று நெருங்கும். படிபோலத் தட்டுப்பட்டாலும் இவை ஏறும் படிகள் அல்ல, ஒவ்வொன்றும் ஒரு நிலை.”

அந்தக் கடைசி வரியை நான் பிறகுதான் சேர்த்தேன். சோதனைக்கு வந்த ஒருவர் களிமண்ணில் தான் தொட்டதைச் செய்துகாட்டியபோது, நாலு பக்கமும் ஏறிப்போகிற படிக்கட்டு ஒன்றைச் செய்திருந்தார். தொட்டவுடன் “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், களிமண்ணைக் கொடுங்கள், எங்கே தவறு என்று தெரிந்துவிடும்.